இருபது லட்சம் தாண்டிய நாள்

ஆண்டு முழுவதும் எவ்வளவு வியாபாரம் நடந்தது என்று கேட்டால் எந்தக் கணக்குப்பிள்ளையும் பதில் சொல்லிவிடுவார். அந்தத் தொகை இருபது லட்சத்தை எந்தத் தேதியில் தாண்டியது என்று கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் யோசிப்பார். முதல் கேள்விக்கு ஒரே ஒரு கூட்டல் போதும். இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொரு பில்லாகக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். எந்தப் பில்லில் மொத்தம் எல்லையைத் தாண்டுகிறதோ அந்தப் பில்லின் தேதிதான் விடை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே பில் புத்தகத்தை நான்கு பேரிடம் கொடுத்தால் நான்கு தேதிகள் வரலாம், நான்கு பேரும் கூட்டலில் தவறியிருக்க மாட்டார்கள்.

மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 22ஆவது பிரிவு இந்தக் கேள்வியை லட்சக்கணக்கான சிறு தொழில்காரர்கள் முன்னால் வைக்கிறது. ஒரு நிதியாண்டில் ஒருவரின் மொத்த விற்றுமுதல் இருபது லட்சம் ரூபாயை மீறினால் அவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொருள் மட்டுமே விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஏப்ரல் முதல் இந்த எல்லை நாற்பது லட்சம். சேவையும் கலந்து செய்பவருக்கு இருபதுதான். பொறுப்பு ஏற்பட்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 25ஆவது பிரிவு. அப்படி விண்ணப்பித்தால் பதிவு அந்தத் தாண்டிய நாளிலிருந்தே செல்லும். தாமதமானால் பதிவு வழங்கப்பட்ட நாளிலிருந்துதான் செல்லும். இன்னொரு சங்கதியும் உண்டு. காலத்தில் விண்ணப்பித்தவர், பொறுப்பு ஏற்பட்ட நாளுக்கு முந்தைய நாள் கையிருப்பில் இருந்த சரக்குக்கு, அதை வாங்கியபோது கட்டிய வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். ஆக, அலமாரியில் எந்த நாளின் சரக்கை எண்ணி எழுத வேண்டும் என்பதையும் இதே தேதிதான் முடிவு செய்கிறது. தேதி ஒரு வாரம் பிசகினால் கெடுவும் பிசகும், சரக்குப் பட்டியலும் பிசகும்.

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். காயில் கட்டிக் கொடுப்பது சேவை, பேரிங், கெப்பாசிட்டர் மாற்றுவது பொருள். இரண்டும் இருப்பதால் எல்லை இருபது லட்சம். 2024–25 நிதியாண்டில் ஏப்ரல் முதல் டிசம்பர் 31 வரை போட்ட பில்களின் கூட்டுத்தொகை 18,62,400 ரூபாய். ஜனவரியில் நடந்தது இது:

| தேதி | பில் | தொகை | கூடிவரும் மொத்தம் |
|---|---|---|---|
| டிச. 31 | முன்தொகை | 18,62,400 | 18,62,400 |
| ஜன. 3 | 211 | 31,500 | 18,93,900 |
| ஜன. 8 | 212 | 46,100 | 19,40,000 |
| ஜன. 10 | 213 | 60,000 | 20,00,000 |
| ஜன. 13 | 214 | 12,500 | 20,12,500 |
| ஜன. 17 | 215 | 8,000 | 20,20,500 |
| ஜன. 18 | திரும்பல் | –27,000 | 19,93,500 |
| ஜன. 20 | 216 | 22,000 | 20,15,500 |

ஜனவரி 10ஆம் தேதி மொத்தம் சரியாக இருபது லட்சத்தில் நிற்கிறது. தாண்டியதா, தொட்டதா? சட்டம் கேட்பது மீறுவதை. எனவே 10ஆம் தேதி விடை அல்ல, 13ஆம் தேதிதான் விடை. முப்பது நாள் கெடு பிப்ரவரி 12 வரை. சூத்திரத்தில் `>` என்று எழுத வேண்டிய இடத்தில் `>=` என்று எழுதினால் மூன்று நாள் முந்திவிடும். ஒரு சேமிப்பு இலக்குக்கோ மொய்ப்பணக் கணக்குக்கோ தொட்டாலே போதும். அங்கே `>=` சரி. எந்தக் குறி என்பதைக் கணக்கு சொல்லாது, எல்லையை வகுத்தவர் எழுதிய வாசகம்தான் சொல்லும். தொகை இப்படிச் சரியாக எல்லையில் வந்து நிற்பது அபூர்வம் என்று சிலர் இதை அசட்டை செய்வார்கள். ஆனால் ரவுண்டாகப் பேரம் பேசி பில் போடும் ஊரில் அது அவ்வளவு அபூர்வமும் அல்ல.

இனி 18ஆம் தேதியைப் பாருங்கள். வாடிக்கையாளர் ஒருவர் வேலை சரியில்லை என்று திருப்பிவிட்டதால் 27,000 ரூபாய் கழிந்து மொத்தம் இருபது லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. 20ஆம் தேதி மறுபடியும் ஏறியது. இப்போது கேள்வி இரண்டாகப் பிரிகிறது. முதன்முதலாகத் தாண்டியது எப்போது என்றால் 13. தாண்டியபின் கீழே இறங்காமல் நிலைத்தது எப்போது என்றால் 20. இரண்டும் நியாயமான கேள்விகள்தான், ஆனால் ஒன்றுக்கான சூத்திரத்தைப் போட்டு மற்றதற்கான விடை வந்துவிட்டதாக நினைப்பதில்தான் ஆபத்து. திரும்பி வந்த தொகையை ஜனவரி 18இல் கழிப்பதா, அது எந்தப் பழைய பில்லுக்கு உரியதோ அந்தப் பில்லின் தேதியில் கழிப்பதா என்பது மூன்றாவது கேள்வி. அந்தப் பில் நவம்பரைச் சேர்ந்தது என்றால் ஜனவரி 18க்கு முந்தைய மொத்தங்கள் எல்லாமே 27,000 குறையும். 13ஆம் தேதி 19,85,500, 17ஆம் தேதி 19,93,500 என்று ஆகி, முதல் தாண்டல் 20ஆம் தேதிக்குப் போய்விடும். நான் என்றால் இரண்டு தேதிகளையும், திரும்பலை எப்படி எடுத்தேன் என்ற ஒரு வரியையும் எழுதி ஆடிட்டரிடம் கொடுப்பேன். எது செல்லும் என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். கணினியில் உட்கார்ந்திருப்பவர் ஒன்றைத் தானாகத் தேர்ந்துவிட்டு மற்றதை மறைக்கக் கூடாது.

தொகை குறையவே குறையாமல் ஏறிக்கொண்டே போகும் கணக்கில் எந்த வழியில் தேடினாலும் ஒரே தேதிதான் வரும். ஒரே ஒரு கழித்தல் வரி நுழைந்துவிட்டால் வழிக்கு வழி விடை மாறும். நடைமுறையில் உள்ள முறைகளை இந்தக் கண்ணோடு பார்ப்பதே பயன் தரும் என்று நினைக்கிறேன்.

பழைய பேரேட்டு முறையிலிருந்து தொடங்கலாம். யாரும் முதல் பக்கத்திலிருந்து பில் பில்லாகத் தேட மாட்டார்கள். மாத மொத்தங்களை முதலில் கூட்டுவார்கள். டிசம்பர் முடிவில் 18,62,400, ஜனவரி முடிவில் இருபது லட்சத்துக்கு மேல், ஆகவே விடை ஜனவரிக்குள் இருக்கிறது என்று அந்த மாதத்தை மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள். டேலியில் லெட்ஜரின் மாதச் சுருக்கத்தைத் திறந்து, உரிய மாதத்தின் மேல் என்டர் தட்டி உள்ளே போவதும் இதே வித்தைதான். வேகமான, அழகான முறை. ஆனால் மாதத்தின் நடுவில் தாண்டி, மாத முடிவுக்குள் திரும்பல் வந்து கீழே இறங்கிவிட்டால் மாதச் சுருக்கம் அதைக் காட்டவே காட்டாது. நம் பட்டறையில் 216ஆம் பில் பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிருந்தால் ஜனவரி 19,93,500இல் முடிந்திருக்கும். தேடுபவர் ஜனவரியைக் கடந்து பிப்ரவரிக்குள் நுழைந்திருப்பார். 13ஆம் தேதி கண்ணில் படாமலேயே போயிருக்கும். திரும்பல் உள்ள மாதங்களை மட்டுமாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

எக்செலில் முதலில் கூடிவரும் மொத்தத்துக்கு ஒரு நெடுவரிசை வேண்டும். தேதி A, பில் எண் B, தொகை C, மொத்தம் D என்று வைத்துக்கொண்டால் பலரும் D2 கட்டத்தில் `=SUM($C$2:C2)` என்று எழுதிக் கீழே இழுப்பார்கள். சரியான விடைதான் வரும், ஆனால் ஒவ்வொரு வரியும் தலையிலிருந்து மறுபடி கூட்டுகிறது. பத்தாயிரம் பில் இருந்தால் ஏறக்குறைய ஐந்து கோடிக் கூட்டல். கோப்பு திணறுவதற்குக் காரணம் இதுதான். `=N(D1)+C2` என்று எழுதினால் மேல் வரியின் மொத்தத்தோடு இந்த வரியின் தொகை மட்டும் சேரும். முதல் வரிக்கு மேலே இருப்பது தலைப்பு எழுத்து என்பதால் அதைப் பூஜ்யமாக்கவே அந்த `N`.

அடுத்து தேதியைப் பிடிக்க வேண்டும். பழக்கத்தில் உள்ள மூன்று சூத்திரங்கள் இவை:

```
=INDEX(A2:A9, MATCH(TRUE, INDEX(D2:D9>2000000,0), 0))
=INDEX(A2:A9, COUNTIF(D2:D9,"<=2000000")+1)
=INDEX(A2:A9, MATCH(2000000, D2:D9, 1)+1)
```

முதல் சூத்திரம் ஒவ்வொரு வரியிலும் ‘தாண்டியதா’ என்று கேட்டு, ‘ஆம்’ என்று வரும் முதல் வரியில் நிற்கிறது. நம் அட்டவணையில் ஜனவரி 13 என்று சரியாகச் சொல்லும். இரண்டாவது, தாண்டாத வரிகளை எண்ணி அதற்கு அடுத்த வரியைக் காட்டுகிறது. இங்கே தாண்டாத வரிகள் ஐந்து. முதல் நான்கும், திரும்பல் விழுந்த 18ஆம் தேதி வரியும். ஆறாவது வரி ஜனவரி 17. அந்தத் தேதிக்கு எந்த அர்த்தமும் கிடையாது. முதல் தாண்டலும் அல்ல, நிலைத்த தாண்டலும் அல்ல. மூன்றாவது சூத்திரம் பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும். ஏறுவரிசையில் இருக்கிறது என்று நம்பித்தான் அது வெட்டுகிறது. ஏறுவரிசை உடைந்த பட்டியலில் எந்த வரியில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பில் ஒன்று கூடினாலே விடை வேறு இடத்துக்குத் தாவலாம். ஏறுவரிசை சரியாக இருக்கும்போது மூன்றும் ஒரே விடை தருவதால்தான் இந்த வேறுபாடு பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது. சோதிப்பதும் எளிது. தொகை நெடுவரிசையில் ஒரு கழித்தல் எண்ணாவது இருக்கிறதா என்று `=COUNTIF(C2:C9,"<0")` போட்டுப் பார்த்தால் போதும். பூஜ்யம் வந்தால் எந்தச் சூத்திரமும் சரி.

தரவுத்தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு எஸ்.க்யூ.எல். வழி உண்டு. ஒவ்வொரு வரிக்கும் அதுவரையிலான மொத்தத்தைத் தரும் சாளரச் செயலிகள் போஸ்ட்கிரஸில் 2009இலேயே வந்துவிட்டன. மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் இரண்டிலும் 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் எழுதப்பட்ட நிரல்களில், எக்செலின் `SUM($C$2:C2)` சூத்திரத்தைப் போலவே, வரிக்கு வரி தலையிலிருந்து கூட்டும் உள்வினவல்களை இன்றும் பார்க்கலாம். இப்போது எழுதுவதானால் இப்படி எழுதலாம்:

```sql
SELECT bill_date, bill_no, total
FROM (
  SELECT bill_date, bill_no,
         SUM(amount) OVER (ORDER BY bill_date, bill_no
                           ROWS UNBOUNDED PRECEDING) AS total
  FROM bills
  WHERE bill_date >= '2024-04-01'
    AND bill_date <  '2025-04-01'
) t
WHERE total > 2000000
ORDER BY bill_date, bill_no
LIMIT 1;
```

உள்ளே ஒரு வினவல், வெளியே ஒரு வினவல் என்று இரண்டு அடுக்கு எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். வரிகளை வடிகட்டும் `WHERE` வேலை முடிந்த பிறகுதான் சாளர மொத்தம் கணக்கிடப்படுகிறது. எனவே அதே அடுக்கில் மொத்தத்தை வைத்து வடிகட்ட முடியாது. நிதியாண்டு எல்லையும் உள் அடுக்கில்தான் இருக்க வேண்டும். அதை மறந்து வெளியே வைத்தால் முந்தைய ஆண்டுகளின் பில்களும் மொத்தத்தில் சேர்ந்து, ஏப்ரல் முதல் பில்லிலேயே இருபது லட்சம் தாண்டியதாக வரும்.

அந்த `ROWS` என்ற சொல்லை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பது கவனிக்க வேண்டிய இடம். எழுதாவிட்டால் வரிசையில் சமமாக நிற்கும் வரிகளை எல்லாம் ஒரே கொத்தாக எடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மொத்தத்தைத் தருவது வழக்கம். பில் எண் இல்லாமல் தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் ஒரு நாளின் எல்லாப் பில்களுக்கும் அன்றைய முடிவு மொத்தமே கிடைக்கும். இது தவறு என்று சொல்லிவிட முடியாது, சில சமயம் இதுதான் வேண்டும். ஜனவரி 8ஆம் தேதி, 212ஆம் பில்லுக்குப் பிறகு, வேறு யாருக்கோ போட வேண்டிய 64,100 ரூபாய் பில்லைத் தவறான பெயரில் போட்டு அதே நாளில் ரத்து செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு வரி பார்த்தால் மொத்தம் 20,04,100க்கு ஏறி மறுபடி 19,40,000க்கு இறங்கும். நிரல் ஜனவரி 8 என்று சொல்லும். நாள் முடிவு மொத்தம் பார்த்தால் அந்த ஏற்றமே தெரியாது, விடை 13 என்றே வரும். கேட்கப்படுவது தேதி என்பதால் ஒரே நாளில் போட்டு அழித்ததைக் கணக்கில் எடுக்காமல், நாளை அலகாக வைப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. எந்தப் பில்லில் தாண்டியது என்று கேட்டால்தான் வரிக்கு வரி போக வேண்டும். அப்போது பில் எண்ணின் வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தாகச் சேமிக்கப்பட்ட எண்களில் 100 என்பது 99க்கு முன்னால் வந்து நிற்கும்.

பைத்தானில் பாண்டாஸ் வைத்துச் செய்பவர்கள் `cumsum()` போட்டு மொத்தத்தை எடுத்து, `(total > 2000000).idxmax()` என்று எழுதுவார்கள். சுருக்கமானது, திரும்பல் இருந்தாலும் முதல் தாண்டலைச் சரியாகவே பிடிக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் எல்லையைத் தாண்டவே இல்லை என்றால் இது பிழை காட்டாது. எல்லா வரியும் ‘இல்லை’ என்று இருக்கும்போது பெரிய மதிப்பு எது என்று கேட்டால் முதல் வரியைக் கொடுத்துவிடும். பதினைந்து லட்சம் மட்டுமே செய்த கடை ஏப்ரல் முதல் நாளே இருபது லட்சம் தாண்டியதாக அறிக்கை சொல்லும். ஒரு கடை என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். முந்நூறு வாடிக்கையாளர்களுக்கு ஒரே சுற்றில் ஓடவிட்ட ஆடிட்டர் அலுவலகத்தில் எளிதில் தெரியாது. எக்செலின் முதல் சூத்திரம் இந்த இடத்தில் `#N/A` என்று வெளிப்படையாகக் கைவிரிக்கிறது. எஸ்.க்யூ.எல். வரி எதையும் தராமல் விடுகிறது. இரண்டுமே நேர்மையான பதில்கள். அழகாக இல்லை என்று அந்த `#N/A`வை `IFERROR` போட்டு மறைப்பவர்கள், அதற்குப் பதில் ‘தாண்டவில்லை’ என்ற சொல்லையே காட்டும்படி எழுதிவிடலாம்.

பைசாவைப் பற்றிச் சின்னதாக ஒன்று. கணினி பதின்மப் பின்னங்களைத் தோராயமாகத்தான் வைத்துக்கொள்கிறது. பத்துப் பைசாவை, அதாவது 0.1ஐ, `+` போட்டு ஒவ்வொன்றாகப் பத்து முறை கூட்டினால் பைத்தானில் ஒன்று வராது, 0.9999999999999999 வரும். தொகை சரியாக எல்லையில் வந்து நிற்கும் நாளில் இந்தத் துளி வித்தியாசம் ‘தாண்டியது’, ‘தாண்டவில்லை’ இரண்டையும் இடம் மாற்றிவிடும். எல்லாவற்றையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாகக் கூட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

இதுவரை பேசியதெல்லாம் பில் பட்டியல் முழுமையானது என்று எடுத்துக்கொண்டுதான். என் அனுபவத்தில் தேதி பிசகுவது சூத்திரத்தால் அல்ல, பெரும்பாலும் பட்டியலால். நம் பட்டறைக்காரர் மாடியை ஒரு குடும்பத்துக்கு மாதம் 9,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். வசிப்பதற்கு விடும் வீட்டு வாடகைக்கு வரிவிலக்கு உண்டு. அதனால் அது இந்தக் கணக்கில் வராது என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் மொத்த விற்றுமுதல் என்பதில் வரிவிலக்கு பெற்ற வழங்கலும் சேரும், ஒரே பான் எண்ணின் கீழ் நாடு முழுவதும் நடக்கும் எல்லாமும் சேரும். சேராதவை ஜி.எஸ்.டி. வரித்தொகையும், எதிர்முறையில் வரி கட்ட வேண்டிய கொள்முதலும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாத வாடகை 81,000. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கணக்கில் எழுதுவதாகக் கொண்டால் டிசம்பர் முடிவில் மொத்தம் 19,43,400. ஜனவரி 3இல் 19,74,900. ஜனவரி 5 வாடகையோடு 19,83,900. 8ஆம் தேதி 212ஆம் பில் போட்டதும் 20,30,000. தாண்டிய நாள் 13 அல்ல, 8. கெடு பிப்ரவரி 12 அல்ல, 7. பில்களில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஒரு வருமான வகை மட்டும் சேர்ந்தது. 18ஆம் தேதித் திரும்பலும் இப்போது மொத்தத்தை எல்லைக்குக் கீழே இறக்காது. ஆகவே மேலே நாம் பட்ட குழப்பம் முழுவதும் கரைந்துபோகிறது.

எதிர்த் திசையிலும் பிசகலாம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வழியாக வந்த தொகைகளின் அடிப்படையில் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது பெங்களூரில் பெரும் சலசலப்பு எழுந்தது. கணக்கில் விழுந்த பணத்தில் கைமாற்றும் குடும்பத்தார் அனுப்பியதும் கலந்திருக்கிறது என்றார்கள் வியாபாரிகள். காய்கறி, பால் போன்ற வரிவிலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு செய்யத் தேவையில்லை என்று 23ஆவது பிரிவு சொல்கிறது என்பதும் பேசப்பட்டது. வங்கிக் கணக்கில் வந்த பணத்தைக் கூட்டிக்கொண்டு போனால் கடன் விற்பனை விட்டுப்போகும், வியாபாரம் அல்லாத பணம் சேர்ந்துவிடும். தேதியும் பணம் வந்த தேதியாகவே இருக்கும், பில் போட்ட தேதியாக இருக்காது. நம் 213ஆம் பில்லின் 60,000 ரூபாய் மார்ச்சில்தான் வந்தது என்றால் வங்கிக் கணக்கு வேறு ஒரு தாண்டல் தேதியைச் சொல்லும்.

தேதிகளின் வடிவமும் சேட்டை செய்யும். 03/01 என்பது ஜனவரி 3ஆ, மார்ச் 1ஆ என்பது கணினியின் பிராந்திய அமைப்பைப் பொறுத்தது. எழுத்தாகப் பதிவான தேதிகள் எண்ணாகப் பதிவானவற்றோடு வரிசையில் சேராமல் அடியில் போய்க் கிடக்கும். எக்செலில் தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் அது எழுத்து. இணையவழி விற்பனைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பல தளங்கள் நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் சேமிக்கின்றன. நம் நேரப்படி நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை நடந்த விற்பனை அங்கே முந்தைய நாளில் விழும். ஏப்ரல் 1 அதிகாலையில் நடந்த விற்பனை பழைய நிதியாண்டுக்குள் போய்விடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் பிந்திப் பதிவாகும் பில். டிசம்பர் 20ஆம் தேதி வேலைக்கான 30,000 ரூபாய் பில்லைப் பட்டறைக்காரர் பிப்ரவரி 15இல்தான் கணக்கில் ஏற்றுகிறார். வாடகையையும் சேர்த்துப் பார்த்தால் டிசம்பர் முடிவு 19,73,400 ஆகிவிடுகிறது. ஜனவரி 3இல் 31,500 சேர்ந்ததும் 20,04,900. தாண்டிய நாள் ஜனவரி 3க்குப் பின்னோக்கி நகர்கிறது. அதன் கெடு பிப்ரவரி 2. பில் ஏறிய அன்றே அந்தக் கெடு கடந்துவிட்டது. ஜனவரி 31 அன்று நீங்கள் கணக்கிட்டபோது ஜனவரி 8 என்பது அன்றைய பதிவுகளுக்குச் சரியான விடை. பிப்ரவரி 15க்குப் பிறகு அதே நிரல், அதே சூத்திரம் ஜனவரி 3 என்கிறது. யாராவது கேட்டால் முந்தைய அறிக்கை ஏன் வேறு சொன்னது என்று விளக்க வேண்டி வரும். அதற்கு ஒவ்வொரு வரியிலும் பில் தேதியோடு, அது கணக்கில் ஏறிய தேதியும் தனி நெடுவரிசையாக இருக்க வேண்டும். அது இருந்தால் ‘ஜனவரி 31 வரை ஏறியவற்றை மட்டும் வைத்துக் கணக்கிடு’ என்று வடிகட்டி, அன்று என்ன தெரிந்திருந்தது என்பதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். பில் தேதியை மட்டும் வைத்திருப்பவர்களால் அது முடியாது. எல்லையை நெருங்கும் மாதங்களில், பதினெட்டு லட்சத்தைத் தாண்டியதிலிருந்தே, பில்லை அன்றன்றே ஏற்றுவதும் வாரம் ஒருமுறை மொத்தத்தைப் பார்ப்பதும் இதற்கு நடைமுறை மருந்து.

தாண்டிய நாள் கிடைத்தபின் தாண்டிய தொகையை என்ன செய்வது என்பதில் சட்டத்துக்குச் சட்டம் வழக்கம் வேறு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே இதற்கு இரண்டு நேரெதிர் மாதிரிகள் இருந்தன. 194-க்யூ பிரிவின் கீழ், ஒரு விற்பனையாளரிடம் ஆண்டில் ஐம்பது லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கும் பெரிய நிறுவனம் 0.1 சதவீதம் பிடித்தம் செய்ய வேண்டியிருந்தது, ஆனால் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும். அதுவரை 48 லட்சம், அடுத்த பில் 5 லட்சம் என்றால் அந்தப் பில்லே இரண்டாக உடைகிறது. 2 லட்சத்துக்குப் பிடித்தம் இல்லை, மீதி 3 லட்சத்துக்கு 300 ரூபாய். ஒவ்வொரு வரியிலும் இதை `=MAX(0, MIN(C2, D2-5000000))` என்று எழுதிவிடலாம். தாண்டாத வரிகளில் பூஜ்யமும், தாண்டிய வரியில் மிச்சமும், அதன் பின் முழுத் தொகையும் தானாக வரும். ஒப்பந்தக்காரருக்கான 194-சி பிரிவில் அப்படி அல்ல. தனித்தனியே சிறிய பில்களாக இருந்தாலும் ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தை மீறிவிட்டால் அந்த ஆண்டின் முழுத் தொகைக்கும் பிடித்தம் இருந்தது. அதாவது தாண்டிய நாளில் பழைய பில்களையும் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. எனவே 194-சி கணக்கில் தாண்டிய வரிக்கு முந்தைய எல்லா வரிகளும் தேவைப்பட்டன. 194-க்யூ கணக்கில் முந்தைய வரியின் மொத்தம் ஒன்றே போதுமானதாக இருந்தது.